பாதுகாப்புத் திட்டம்: படிவம் நிரம்பிவிட்டது, ராத்திரி பதினோரு மணிக்கு அது உதவுமா?

பாலக்கோடு_புதியவர்

வணக்கம். கவுன்சலர் வேலைக்கு நான் புதுசு. தற்கொலை நினைப்பு வர்ற ஒருத்தருக்கு, அந்த நேரத்துல என்ன செய்யணும்னு படிப்படியாச் சொல்ற பாதுகாப்புத் திட்டம் எழுதியிருக்கேன். அதுல ஏதோ சரியில்லைன்னு தோணுது, எங்கேன்னு பிடிபடலை. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்திச் சொல்றேன்.

32 வயசுப் பெண். முக்கால் ஏக்கர் தக்காளி. கணவர் பெங்களூருல சென்ட்ரிங் வேலை, பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் வருவார். வீட்டுல மாமியார், 12 வயசுப் பையன், 8 வயசுப் பொண்ணு. மூணு குழுவுல கடன். ரெண்டு மாசமா 'செத்துட்டா தேவலை'ங்கிற நினைப்பு வந்துபோகுதாம். மோட்டார் கொட்டாய்ல இருக்கிற பூச்சிமருந்து அப்போ ஞாபகத்துக்கு வருதுன்னு அவங்களே சொன்னாங்க. இதுவரைக்கும் எதுவும் செஞ்சுக்கலை. இன்னைக்கோ நாளைக்கோ செய்யணும்னு எண்ணம் இருக்கான்னு நேராவே கேட்டேன். இல்லைன்னாங்க. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில மனநல டாக்டரைப் பார்க்க வர்றேன்னு ஒத்துக்கிட்டாங்க.

நான் எழுதினது இதுதான்:

1. எச்சரிக்கை அறிகுறி: மனவருத்தம், டென்ஷன்
2. தானே செய்யக்கூடியது: நடைப்பயிற்சி, பாட்டு, மூச்சுப்பயிற்சி
3. மனசை மாத்த உதவும் ஆட்கள், இடங்கள்: உறவினர்கள், கோயில்
4. உதவி கேட்க வேண்டியவர்: கணவர்
5. தொழில்முறை உதவி: 14416
6. சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குதல்: மருந்தைப் பத்திரமாக வைக்க வேண்டும்

இருபது நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. எல்லாத்துக்கும் அவங்க தலையாட்டினாங்க. அதுதான் எனக்கு உறுத்துது.

---

மணி_அரூர்

உங்க படிவத்துல ஆறாவதா இருக்கிறது முதல்ல வரணும். மத்ததெல்லாம் அப்புறம். அந்த மருந்து டப்பாவை இன்னைக்கே வீட்டைவிட்டு வெளியேத்துங்க. கணவர் ஊர்ல இல்லைன்னா பையன்கிட்ட சொல்லி எங்கேயாவது ஒளிச்சு வைக்கச் சொல்லலாம், 12 வயசுன்னா விவரம் தெரிஞ்ச வயசுதான். இல்லாட்டி மண்ணுல கொட்டிடச் சொல்லுங்க. கூடவே அவங்ககிட்ட 'செஞ்சுக்க மாட்டேன்'னு பிள்ளைங்க மேல ஒரு சத்தியம் வாங்கிடுங்க. நம்ம பக்கத்துல அதுக்கு மதிப்பு இருக்கு.

---

வத்தல்மலை

மணி சார் சொல்றதுல பாதி ரொம்பச் சரி. மருந்து கைக்கு எட்டாம போறதுதான் இந்தத் திட்டத்துலயே உயிரை நேரடியாக் காப்பாத்துற பகுதி. மீதிப் பாதி ஆபத்தானது.

பையன் விஷயம். அம்மாவோட உயிரைப் பன்னெண்டு வயசுப் பையன் கையில கொடுக்கக் கூடாது. அவன் ஒளிச்ச இடத்தை அம்மா கேட்டா சொல்லிடுவான். தப்பித் தவறி ஏதாவது ஆயிட்டா ஆயுசுக்கும் அந்தப் பாரத்தைச் சுமப்பான். அதோட, விஷத்தைத் தொடுற வேலை குழந்தைக்கு வேண்டாம்.

சத்தியம் விஷயம். 'மாட்டேன்'னு எழுதி வாங்குற பழக்கம் பல வருஷமா இருந்தது. அது தற்கொலையைத் தடுக்குதுன்னு யாரும் நிரூபிக்கலை. என்ன செய்யக் கூடாதுன்னு சத்தியம் சொல்லும். அந்த நேரத்துல என்ன செய்யணும்னு சொல்லாது. இன்னொண்ணும் நடக்கும்: நினைப்பு திரும்ப வந்தா, 'சத்தியத்தை மீறிட்டேன்'ங்கிற குத்த உணர்ச்சியில உங்ககிட்ட மறைச்சிடுவாங்க. பிள்ளைங்க மேல சத்தியம்னா மறைக்கிறது இன்னும் ஜாஸ்தியாகும். நமக்கு வேண்டியது அவங்க வாயைத் திறக்கிறது.

இப்போ புதியவருக்கு. அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டான்லியும் பிரவுனும் 2012ல எழுதின ஆறு படிகளை வரிசை மாறாம எழுதியிருக்கீங்க. ஆனா அதுல அவங்க எங்கேயும் இல்லை. பேரை மறைச்சுட்டு இதையே ஓசூர் கம்பெனிப் பையனுக்கும் கொடுக்கலாம், காவேரிப்பட்டணத்துல மாந்தோப்பு வச்சிருக்கிற பெரியவருக்கும் கொடுக்கலாம். யாருக்கும் பொருந்துற திட்டம் ராத்திரி பதினோரு மணிக்கு யாருக்கும் உதவாது.

திட்டத்தைத் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை விட்டுப்போச்சு. கடைசியா அந்த நினைப்பு உச்சத்துக்குப் போன ஒரு நாளை எடுத்துக்கிட்டு, காலையிலிருந்து கதையாச் சொல்லச் சொல்லணும். எப்போ ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி என்ன நடந்தது, எங்க உக்காந்திருந்தீங்க, உச்சத்துல மனசுல என்ன ஓடிச்சு, அப்புறம் எப்படித் தணிஞ்சது. குறுக்க ஆறுதல் சொல்லாம கேட்டா பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். ஏறினது இறங்கும்ங்கிறதை அவங்க வாயாலேயே அவங்க கேட்கிறாங்க பாருங்க, அங்கதான் 'எதுக்கு இந்தத் திட்டம்'ங்கிற கேள்விக்குப் பதில் இருக்கு: அலை இறங்குற வரைக்கும் தாக்குப்பிடிக்கிறதுக்கு. முதல் படியில எழுத வேண்டியதும் அந்தக் கதையிலேயே கிடைக்கும்.

இதைக் கேட்டுட்டு வாங்க, மத்த படிகளைப் பேசலாம். ஆனா ஆறாவது படிக்காகக் காத்திருக்க வேண்டாம். மருந்து இருக்கிற இடம் தெரிஞ்சிடுச்சு, அதனால அந்தப் பேச்சு இன்னைக்கே நடக்கணும். காகிதத்துல அது கடைசியா இருக்கிறதுக்குக் காரணம், கைக்கெட்டும் பொருளைப் பத்திப் பேசுறதுக்குள்ள கொஞ்சம் நம்பிக்கை வளரட்டும்ங்கிறதுதான். தள்ளிப்போடலாம்னு அர்த்தம் இல்லை.

---

சிப்காட்_ஓசூர்

எனக்கும் இதே பிரச்சினைதான். ஓசூர்ல லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கி ஷிப்ட் வேலை பார்க்கிற 20 வயசுப் பொண்ணு. எத்தனை மார்க் வந்தா ஆபத்து அதிகம்னு காட்டுற கேள்வித்தாள் ஒண்ணு கொடுத்தேன். நடுத்தரம்னு வந்தது. நடுத்தரத்துக்குத் திட்டம் போட்டா போதுமா, இல்லை ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமா? புதியவர் எந்தக் கேள்வித்தாள் பயன்படுத்தினீங்க?

---

வத்தல்மலை

புதியவர் மார்க் பத்திக் கேட்கலை, ஆனாலும் சுருக்கமாச் சொல்றேன். அந்த மார்க்கை வச்சு அடுத்த வாரம் யார் செஞ்சுக்குவாங்கன்னு சொல்லிட முடியாது. குறைவான மார்க் எடுத்தவங்களும் இறந்திருக்காங்க. நினைப்பு இருக்கா, எப்படின்னு யோசிச்சிருக்காங்களா, செய்யணும்ங்கிற முடிவு இருக்கா, பொருள் கையில இருக்கா, இதுக்கு முன்னாடி முயற்சி பண்ணியிருக்காங்களா – இதை நேராக் கேளுங்க. கேட்கிறதால நினைப்பு புதுசா முளைக்காது. முடிவும் பொருளும் சேர்ந்திருந்தா, இல்லை 'இன்னைக்கு ராத்திரி தாங்குமான்னு சொல்ல முடியலை'ன்னா, காகிதத்தை ஓரமா வச்சுட்டு தனியா விடாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்துல இருக்கிற அரசு மருத்துவமனைக்கோ போகலாம். அந்த நிலைமையில இல்லாதவங்களுக்குத்தான் திட்டம்.

உங்க பொண்ணுக்கு ஒண்ணு கவனிங்க. நைட் ஷிப்ட் வாரத்துல அவங்களுக்கு 'ராத்திரி'ங்கிறது பகல் பத்து மணி. அறையில கூட இருக்கிறவங்க வேலைக்குப் போயிருப்பாங்க. ரெண்டு ஷிப்டுக்கும் தனித்தனியா நாலாவது படி எழுதணும்.

---

உழவன்_காரிமங்கலம்

நான் கவுன்சலர் இல்லை, உரக்கடை, தோட்டக்கலைன்னு இந்தப் பக்கமே வேலை பார்க்கிறவன். மணி சார், மருந்தை மண்ணுல கொட்டச் சொல்லாதீங்க. கிணறு, போர், ஆடு மாடு எல்லாத்துக்கும் கேடு. கொட்டுறதுக்காக அந்தப் பொண்ணே டப்பாவைக் கையில எடுப்பாங்க, அது அதைவிட மோசம்.

முதல்ல வீட்டுல ஏன் மருந்து தங்குதுன்னு பாருங்க. தக்காளிக்கு வாரத்துக்கு ஒருதரம், பத்து நாளைக்கு ஒருதரம்னு அடிப்பாங்க. கடையில கணக்குல வாங்கும்போது மூணு நாலு தடவைக்கு ஆகுறதை ஒண்ணா எடுத்துட்டு வந்து வச்சிடுறாங்க. ஒரு டேங்குக்குப் போக மிச்சமும் அப்படியே கொட்டாய்ல கிடக்கும். போன வருஷத்து டப்பாவும் எறவாணத்துல செருகியிருக்கும். அதனால 'மருந்து எங்க இருக்கு'ன்னு ஒருதரம் கேட்டா ஒரு டப்பாவைத்தான் சொல்வாங்க. 'மோட்டார் கொட்டாய்ல எத்தனை, மாட்டுக் கொட்டாய்ல எத்தனை, வீட்டு எறவாணத்துல எத்தனை, காலி டப்பாவுல எதையாவது ஊத்தி வச்சிருக்கீங்களா'ன்னு இடம் இடமாக் கேளுங்க. எலி மருந்தும் களைக்கொல்லியும் யாருக்கும் கணக்குல வராது, அதைப் பேர் சொல்லிக் கேளுங்க.

செய்யக்கூடிய வழி ரெண்டு. கூலிக்கு மருந்து அடிக்கிற ஆள் இருந்தா, அவரே கடையில வாங்கிட்டு வந்து, அடிச்சுட்டு, மிச்சத்தை அவரே எடுத்துட்டுப் போகட்டும். இல்லைன்னா கடைக்காரர் ஒரு தடவைக்கு ஆகுறதை மட்டும் கொடுத்துட்டு மீதியை நோட்டுல எழுதி வச்சுக்கட்டும். பாலக்கோடு பக்கம் இது புது ஏற்பாடே இல்லை, காசு முடையா இருந்தா அப்படித்தான் வாங்குறாங்க. தீர்ந்த டப்பாவை மூணு தரம் அலசி, அந்தத் தண்ணியையும் டேங்குலயே ஊத்தி அடிச்சுட்டு, டப்பாவை ஓட்டை போட்டு ஒதுக்கணும்.

---

பாலக்கோடு_புதியவர்

ரொம்ப நன்றிங்கண்ணா. பூட்டு போட்ட பெட்டி ஒண்ணு வாங்கிக் கொடுக்கலாம்னு நினைச்சிருந்தேன். எங்க அலுவலகத்துல அதுக்குக் கொஞ்சம் பணம் இருக்கு.

---

வத்தல்மலை

பெட்டியில அவசரப்படாதீங்க. இலங்கையில அனுராதபுரம் பக்கம் கிராமம் கிராமமா வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்து, கொடுக்காத கிராமங்களோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. முடிவு 2017ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்தது. பெட்டி கொடுத்த கிராமங்கள்ல மருந்து குடிக்கிறது குறைஞ்சதுக்கு ஆதாரம் இல்லை. எனக்குப் பட்ட வரைக்கும், பெட்டி வீட்டுல, சாவி உத்தரத்துல, வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் சாவி இருக்கிற இடம் தெரியும்னா அது பூட்டே இல்லை. வீட்டைவிட்டு வெளியே போறதுதான் முதல் தேர்வு. பெட்டிதான் வழின்னா சாவி வேற வீட்டுல இருக்கணும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் ஊருக்குப் பொதுவாக் கிடங்கு வச்சு ஒரு சின்ன முயற்சி நடந்தது. விவசாயிங்க அதை ஏத்துக்கிட்டாங்க. ஆனா அதையெல்லாம் ஒரு கவுன்சலர் தனியா ஏற்பாடு பண்ண முடியாது.

ஆறாவது படியில 'பத்திரமாக வைக்க வேண்டும்'னு எழுதினா அதைச் செய்ய ஆளே இல்லை. யார், எதை, எங்கே, எந்த நாளுக்குள்ள, முடிஞ்சுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் – இந்த அஞ்சும் அந்த வரியில இருக்கணும். டப்பாவை எடுத்துட்டுப் போறது அந்தப் பெண்ணா இருக்கக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுக்கிற மாத்திரையும் இதுல சேரும். ஒரு மாச மாத்திரையை ஒண்ணாக் கொடுக்காம வாரத்துக்கு மட்டும் தர முடியுமான்னு டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேளுங்க. இதை நிறைய பேர் விட்டுடுறாங்க.

---

பாலக்கோடு_புதியவர்

இன்னைக்கு மறுபடி உக்காந்து கதையைக் கேட்டேன், ஒரு மணி நேரம் ஆச்சு. முன்னாடி எழுதினது எவ்வளவு வெறுமையா இருந்ததுன்னு இப்போ புரியுது.

செவ்வாய்க்கிழமை காலையில குழு வசூல். கட்ட முடியலைன்னா மத்த பொம்பளைங்க முன்னாடி நிக்க வைக்கிறாங்க. அன்னைக்கு முழுக்க யாரோடவும் பேச மாட்டாங்க. பிள்ளைங்களுக்குப் போட்டுட்டுத் தான் சாப்பிட மாட்டாங்க. பிள்ளைங்க தூங்கினதும் அடுப்படியில லைட் போடாம உக்காந்திருப்பாங்க. 'நான் ஒருத்தி இல்லைன்னா இவங்களாவது நிம்மதியா இருப்பாங்க'ன்னு ஒரே வரி ஓடிட்டே இருக்குமாம். பத்தரைக்குத் தொடங்கி பன்னெண்டு மணி வாக்குல தணியுதாம். போன தடவை பொண்ணு எழுந்து தண்ணி கேட்டிருக்கா, அதோட விட்டுப்போச்சுன்னாங்க.

முதல் படியில அவங்க வார்த்தையிலேயே எழுதினேன்: 'கட்ட முடியாத செவ்வாய்க்கிழமை. சாப்பிடாம இருக்கிறது. இருட்டுல அடுப்படியில உக்கார்றது. நான் ஒருத்தி இல்லைன்னா-ன்னு ஓட ஆரம்பிக்கிறது.'

ரெண்டாவது படிக்கு, தனியா என்ன செய்வீங்கன்னு கேட்டதும் உடனே சொன்னாங்க: 'மாட்டைப் போய்ப் பார்ப்பேன், தண்ணி காட்டுவேன், தடவிக் கொடுத்தா மனசு லேசாகும்.' நல்லா இருக்குன்னு எழுதிட்டேன்.

---

வத்தல்மலை

அந்த முதல் படி அருமையா வந்திருக்கு. அதைப் படிச்சா எந்த நிமிஷத்துல காகிதத்தைக் கையில எடுக்கணும்னு அவங்களுக்கே தெரியும்.

மாட்டுக் கொட்டாய் எங்க இருக்கு?

---

பாலக்கோடு_புதியவர்

மோட்டார் கொட்டாயை ஒட்டி. அய்யோ. ராத்திரி பதினோரு மணிக்கு மருந்து இருக்கிற இடத்துக்கே நான் அனுப்பி வைக்கிறேன்.

---

வத்தல்மலை

அதுக்காக மாட்டை நீக்கிடாதீங்க. அவங்க மனசுலருந்து வந்த ஒரே பதில் அதுதான். மருந்து அங்கிருந்து போயிடுச்சுன்னு உறுதியான பிறகு அது நல்ல படி. அதுவரைக்கும் வீட்டுக்குள்ளேயே செய்யறதுக்கு ஒண்ணு வேணும். ரெண்டாவது, மூணாவது படியில எழுதுற ஒவ்வொண்ணையும் ஆறாவது படியில சொன்ன இடத்தோட பொருத்திப் பாருங்க. போற வழியிலயோ போற இடத்திலயோ அந்தப் பொருள் இருக்கான்னு.

அடுத்து, ஒவ்வொரு வரிக்கும் ரெண்டு கேள்வி. 'அந்த நேரத்துல இதைச் செய்ய முடியும்னு பத்துக்கு எவ்வளவு நம்பிக்கை?' 'எது குறுக்க வரும்?' ஏழுக்குக் கீழ சொன்னா அந்த வரியை மாத்துங்க, இல்லை குறுக்க வர்றதைத் தீர்த்து வையுங்க. நடைப்பயிற்சின்னு எழுதினீங்களே, ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பொம்பளை கிராமத்து ரோட்டுல எப்படி நடப்பாங்க? நாய் குரைக்கும், மாமியார் எழுந்து 'எங்கடி போற'ன்னு கேட்பாங்க. பாட்டுன்னா போன் யார்கிட்ட இருக்கு? பையன் கேம் விளையாடி சார்ஜ் இல்லாம வச்சிருப்பான். இதெல்லாம் சின்ன விஷயம்தான், ஆனா திட்டம் கைவிட்டுப்போறது இப்படித்தான்.

---

பென்னாகரம்_செவிலி

மூணாவது படியையும் நாலாவது படியையும் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க, அதனால சொல்றேன். மூணுல வர்றவங்ககிட்ட எதையும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா பேச்சுத்துணைக்குத்தான். பால் சொசைட்டியில நிக்கிறது, நூறு நாள் வேலையில கூட வர்ற பொம்பளையோட பேசறது, பக்கத்து வீட்டுல டிவி பார்க்கிறது. நாலுல வர்றவங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லணும். ரெண்டு இடத்துலயும் ஒரே பேர் இருந்தா ஏதோ ஒரு படி காலின்னு அர்த்தம்.

நாலாவதுக்கு ஒரே ஒருத்தர் பத்தாது. கணவர் பெங்களூருல சைட்ல தூங்கிட்டா போன் எடுப்பாரா? எடுத்தாலும் அங்கிருந்து வர எத்தனை மணி நேரம்? கேட்க அவர் இருக்கட்டும், வந்து கூட உக்கார உள்ளூர்ல ஒருத்தர் வேணும். பேர் எழுதுறதுக்கு முன்னாடி, 'அவங்ககிட்ட சொன்னா என்ன சொல்வாங்க'ன்னு கேளுங்க. 'பிள்ளைங்களை நினைச்சுப் பார்த்தியாடி'ன்னு திட்டுற ஆள்னா, அவங்க எவ்வளவு நெருக்கமா இருந்தாலும் வேண்டாம்.

சொல்ற வாக்கியத்தையும் முன்னாடியே பழகிடணும். 'எனக்கு மனசு சரியில்லை'ன்னா 'தூங்கு, காலையில பேசலாம்'னு வச்சிடுவாங்க. 'எனக்கு செத்துப்போயிடலாம்னு வருது, நீ இப்போ வந்து என்கூட இரு'ன்னு உங்க முன்னாடி ஒருதரம் வாயால சொல்லிப் பார்க்கட்டும். முதல் தரம் குரலே வராது. அவங்க சம்மதிச்சா அந்த ஆளுக்கு உங்க முன்னாலேயே போன் போட்டு விஷயத்தைச் சொல்லிடலாம். அந்த ஆளுக்கும் நாம சொல்லித்தரணும்: வா, பக்கத்துல உக்காரு, அறிவுரை சொல்லாதே, தனியா விடாதே, முடியலைன்னா 108 கூப்பிடு.

---

மணி_அரூர்

எல்லாம் சரி. மாமியார் ஒரே வீட்டுல இருக்காங்க, அவங்களை ஏன் ஒதுக்குறீங்க? அவங்ககிட்டயே சொல்லி மருந்தை எடுத்து வைக்கச் சொன்னா இன்னைக்கே வேலை முடியும். உயிர் போற விஷயத்துல ரகசியம் பார்க்க முடியுமா?

---

பாலக்கோடு_புதியவர்

மாமியாருக்குத் தெரிய வேண்டாம்னு ரெண்டு தடவை சொல்லிட்டாங்க. தெரிஞ்சா ஊர் பூரா பரவிடும், 'புத்தி சரியில்லாதவ'ன்னு பேர் வந்துடும்னு பயம். அண்ணன் நாலு கிலோமீட்டர்ல இருக்கார், அவர்கிட்ட சொல்லலாம்னு ஒத்துக்கிட்டாங்க. அவர் டப்பாக்களை எடுத்துட்டுப் போகலாம், ஆனா மாமியார் 'ஏன் எடுக்கிற'ன்னு கேட்பாங்களே?

---

பென்னாகரம்_செவிலி

'சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடு, கொட்டாய்ல மருந்து கிடக்கக் கூடாது'ன்னு அண்ணன் சொல்லட்டும். அது உண்மையும்தானே. நான் அப்படித்தான் சொல்லச் சொல்வேன்.

---

வத்தல்மலை

எனக்கு இதுல முழு சம்மதம் இல்லை. அந்தக் காரணம் உண்மைதான், ஆனா அதை மட்டும் சொன்னா அடுத்த தடவை மருந்து வாங்கும்போது மாமியார் பழையபடி கொட்டாய்லயே வைப்பாங்க. பிள்ளைங்க தொடாத உயரத்துல வச்சுட்டேன்னு திருப்தியாவும் இருப்பாங்க. அந்தப் பெண்ணுக்கு அந்த உயரம் ஒண்ணுமே இல்லை. ஆனா மணி சார் சொல்ற மாதிரி சம்மதம் இல்லாம சொல்றதும் முடியாது. இப்போ உடனடி ஆபத்து தெரியாத நிலையில ரகசியத்தை உடைச்சா, நாளைக்கு ஆபத்து வரும்போது உங்ககிட்ட வர மாட்டாங்க. ஆபத்து உடனடின்னு ஆயிட்டா கதை வேற. அப்போ யார்கிட்ட சொல்வேன்ங்கிறதை இப்பவே அவங்ககிட்ட வெளிப்படையாச் சொல்லிடுங்க.

செவிலி மேடம் சொல்ற வழியை இப்போதைக்கு எடுத்துக்கலாம், கூடவே உழவன் அண்ணன் சொன்ன கடை ஏற்பாட்டையும் அண்ணன்காரரே பேசட்டும். புதுசா வீட்டுக்கே வராதுன்னா மாமியார் எங்க வைக்கிறாங்கங்கிற கேள்வி வராது.

---

மணி_அரூர்

கடை ஏற்பாடு சரி. மாமியார் விஷயத்துல என் கருத்து மாறலை.

இன்னொரு பயம் இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆகும்னு சொல்லி வீட்டுல தடுப்பாங்க. எங்க பக்கம் அதுக்காகவே கூட்டிட்டு வராம விட்டிருக்காங்க.

---

வத்தல்மலை

அதைத் திட்டம் எழுதும்போதே பேசிடணும். நினைப்பு இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்றதுக்கு எந்தக் காலத்துலயும் கேஸ் இல்லை. முயற்சி பண்ணவங்களைக் கூட, கடுமையான மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 115வது பிரிவு சொல்லுது. தற்கொலை முயற்சியைக் குற்றம்னு சொன்ன இந்திய தண்டனைச் சட்டத்தோட பழைய 309வது பிரிவு, 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல இல்லை. முயற்சி பண்ணி வந்தா ஆஸ்பத்திரியில ஒரு பதிவு போடுவாங்க, போலீஸ் விசாரிக்கவும் வரலாம். அதை மறைக்காம சொல்லிடுங்க. அது தண்டனைக்கான கேஸ் இல்லைங்கிறதையும் சேர்த்துச் சொல்லுங்க.

அஞ்சாவது படியில 14416 மட்டும் போதாது. அது டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இருக்கு, இலவசம், மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசுறவங்க தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் நிறைய, அவங்களுக்கு அது உதவும். உங்க எதிர்லேயே ஒருதரம் அடிச்சு, மொழியைத் தேர்ந்தெடுத்து, எதிர்முனையில குரல் கேட்கிற வரைக்கும் இருக்கச் சொல்லுங்க. முன்னப்பின்ன அடிச்சுப் பார்க்காத நம்பரை அந்த ராத்திரியில அடிக்க மாட்டாங்க. உங்க நம்பர் கொடுக்கிறீங்கன்னா எந்த நேரத்துக்கு எடுப்பீங்கன்னு பக்கத்துலயே எழுதுங்க. ராத்திரி எடுக்க மாட்டீங்கன்னா அதையும் எழுதுங்க.

---

பாலக்கோடு_புதியவர்

புது வடிவம் இது. காகிதத்துல அவங்க கையெழுத்துலயே இருக்கு, நான் எழுதலை.

1. மேல சொன்னது.
2. அடுப்படி லைட்டைப் போடுவேன். நாளைக்குக் கட்ட வேண்டிய பூவைக் கட்டுவேன் (பக்கத்து வீட்டுக்காகப் பூ கட்டிக் கொடுக்கிறாங்க, நம்பிக்கை எட்டு). பொண்ணு பக்கத்துல போய்ப் படுத்துக்குவேன் (ஒன்பது). மாட்டைப் பார்க்கிறது: அண்ணன் மருந்தை எடுத்த பிறகு.
3. பகல்ல பால் ஊத்தப் போற இடம். செவ்வாய் சாயங்காலம் பக்கத்து வீட்டுத் திண்ணை.
4. அண்ணன். பக்கத்து வீட்டு அக்கா (எங்க முன்னாலேயே பேசினோம், பின்கதவைத் தட்டச் சொல்லியிருக்காங்க). கணவர், ராத்திரி ஒன்பதுக்கு முன்னாடி.
5. 14416, என் நம்பர் காலை பத்திலிருந்து ஆறு வரை, தருமபுரி ஆஸ்பத்திரி, 108.
6. அண்ணன் ஞாயித்துக்கிழமைக்குள்ள மூணு இடத்துலயும் இருக்கிறதை எடுத்துட்டுப் போய்த் தன் வீட்டுப் பெட்டியில பூட்டி வைப்பார், சாவி அவர்கிட்ட. கடைக்காரர்கிட்ட அவரே பேசுவார். முடிச்சதும் எனக்குப் போன் பண்ணுவார்.

காகிதத்தை பேங்க் பாஸ்புக் கவருக்குள்ள வச்சுக்கிறேன்னாங்க. எப்போ திரும்பப் பேசணும்?

---

வத்தல்மலை

ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? இன்னைக்கு வியாழன். நாலு கிலோமீட்டர்தான், இன்னைக்குச் சாயங்காலமே அண்ணனால வர முடியுமான்னு கேளுங்க. முடியவே முடியாதுன்னா அதுவரைக்கும் அவங்களும் பிள்ளைங்களும் அண்ணன் வீட்டுல தங்கலாமான்னு பாருங்க.

பாஸ்புக்கை வசூல் நாள்ல மாமியாரோ குழுத் தலைவியோ வாங்கிப் பார்ப்பாங்களான்னும் கேளுங்க. பார்ப்பாங்கன்னா வேற இடம். எழுதப் படிக்கக் கஷ்டப்படுறவங்களுக்கு அவங்க குரல்லயே பதிவு பண்ணி வைக்கலாம். ஆனா உங்க கேஸ்ல போன் பையன் கையில புழங்குது, அதனால காகிதமே மேல்.

திரும்பப் பேசுறது மூணு நாளுக்குள்ள. அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகள்ல இந்தத் திட்டத்தைச் சோதிச்சு 2018ல வெளியிட்டாங்க. திட்டம் எழுதி, 72 மணி நேரத்துக்குள்ள தொடங்கி குறைஞ்சது ரெண்டு தடவை போன்ல விசாரிச்சவங்க மத்தியில, அடுத்த ஆறு மாசத்துல தற்கொலை சார்ந்த செயல்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவங்களைவிட 45 சதவீதம் குறைஞ்சிருந்தது. காகிதமும் போனும் சேர்ந்த பலன் அது. காகிதம் தனியா எவ்வளவுன்னு அந்த ஆய்வை வச்சுச் சொல்ல முடியாது.

போன்ல 'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்டா 'நல்லா இருக்கேன் மேடம்'னுதான் வரும். 'இப்போ தனியாப் பேச முடியுமா'ன்னு முதல்ல கேளுங்க. அப்புறம் 'அந்த நினைப்பு வந்துதா, காகிதத்தை எடுத்தீங்களா, எந்த வரி உதவுச்சு, எந்த வரி முடியலை'. எடுக்கலைன்னா திட்டாதீங்க, எது தடுத்துச்சுன்னு கேட்டு அந்த வரியை மாத்துங்க.

---

பாலக்கோடு_புதியவர்

அண்ணன்கிட்ட பேசிட்டேன். இன்னைக்கு ஆறு மணிக்கு வண்டியில வர்றேன்னார். பாஸ்புக்கைக் குழுத் தலைவி வாங்கிப் பார்ப்பாங்களாம், அதனால பொண்ணோட பழைய ஸ்கூல் டைரி அட்டைக்குள்ள மாத்திட்டாங்க.

ஒண்ணு மட்டும் மனசுல நிக்குது. செவ்வாய்க்கிழமை வசூல் அப்படியேதான் இருக்கு. அந்தக் காலையை இந்தத் திட்டம் தொடவே இல்லையே?

---

வத்தல்மலை

தொடாது. இந்தக் காகிதம் ராத்திரிக்கானது. கடனுக்குத் தனியா வேலை நடக்கணும். எந்தக் குழு, எவ்வளவு பாக்கி, தவணையைத் தள்ளிக் கேட்க முடியுமான்னு கணவரையும் வச்சுப் பேசணும். வசூலுக்கு வர்றவங்க அவமானப்படுத்துறது, மிரட்டுறது ரிசர்வ் வங்கி விதிப்படி கூடாது, புகார் கொடுக்க வழி இருக்கு. அதுக்குத் தருமபுரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இலவசமா ஆலோசனை கேட்கலாம்.

வர்ற செவ்வாய்க்குள்ள அது எதுவும் முடியாது. அதனால அன்னைக்குப் பகல்ல ஒருதரம், சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இன்னொருதரம் போன் போடுங்க. பக்கத்து வீட்டு அக்காவை அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு ஒரு எட்டு வந்து பார்க்கச் சொல்லுங்க. அண்ணன் எடுத்துட்டுப் போன டப்பா எத்தனைன்னு இன்னைக்கு ராத்திரியே அவர்கிட்ட கேட்டு, அந்தப் பெண் சொன்ன கணக்கோட ஒத்துப்போகுதான்னு பாருங்க.

---

உழவன்_காரிமங்கலம்

எறவாணத்தையும் பார்க்கச் சொல்லுங்க. அங்க இருக்கிறது கணக்குல வந்திருக்காது.